அனுப்பிய கொட்டேஷன் மாறவில்லை என்று ஹாஷ் வைத்துக் காட்டுவது எப்படி

கேள்வி: நான் சின்ன அளவில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். கொட்டேஷனை பிடிஎஃப் ஆக ஈமெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புவேன். நாளைக்கு யாராவது தொகையை மாற்றிவிட்டு "நீங்கள் அனுப்பியதே இதுதான்" என்றால் என்ன செய்வது? ஹாஷ் எடுத்து வைத்தால் போதும் என்று ஒரு நண்பர் சொன்னார். அது என்ன, எப்படி எடுப்பது, கோர்ட்டில் செல்லுமா?

பதில்:

உங்கள் நண்பர் சொன்னது சரிதான், ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். ஹாஷ் எடுத்து உங்கள் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொண்டால் அது உங்களுக்கு மட்டும்தான் சாட்சி. கொட்டேஷன் அனுப்பிய அன்றைக்கே அந்த எண் உங்கள் கையை விட்டுப் போய், நீங்கள் நினைத்தாலும் திருத்த முடியாத ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எடுப்பது பத்து வினாடி வேலை. எங்கே வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது, அதனால் முதல் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

ஒரு கோப்பு என்பது கம்ப்யூட்டருக்கு வெறும் பைட்டுகளின் வரிசை. அந்த வரிசை முழுவதையும் ஒரு கணக்குக்குள் போட்டால் வெளியே ஒரு எண் வரும். SHA-256 என்ற கணக்கில் அது எப்போதும் 256 பிட், அதாவது திரையில் 64 எழுத்துகள். கோப்பு ஒரு பக்கமாக இருந்தாலும் நூறு பக்கமாக இருந்தாலும் 64தான். உள்ளே ஒரே ஒரு பைட் மாறினாலும் அந்த 64 எழுத்தும் தலைகீழாகிவிடும். லினக்ஸில் இதை நீங்களே செய்து பார்க்கலாம்:

```
printf 'hello' | sha256sum
2cf24dba5fb0a30e26e83b2ac5b9e29e1b161e5c1fa7425e73043362938b9824

printf 'hello\n' | sha256sum
5891b5b522d5df086d0ff0b110fbd9d21bb4fc7163af34d08286a2e846f6be03
```

இரண்டிலும் கண்ணுக்குத் தெரிவது ஒரே சொல்தான். இரண்டாவதில் கடைசியில் ஒரு என்டர் இருக்கிறது, அவ்வளவே. ஆனால் விடைகளுக்குள் எந்த ஒட்டும் உறவும் இல்லை. இதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்: ஹாஷுக்குத் தொகை தெரியாது, கையெழுத்து தெரியாது, அர்த்தம் தெரியாது, பைட் மட்டும்தான் தெரியும். முக்கியமான இடத்தில் மாறியதா, ஒன்றுமில்லாத இடத்தில் மாறியதா என்று அது சொல்லாது. கோப்பின் பெயரை மாற்றினால் ஹாஷ் மாறாது, ஏனென்றால் பெயர் கோப்புக்கு வெளியே இருக்கிறது. விண்டோஸில் வலது கிளிக் செய்தால் தெரியும் தேதியும் அப்படித்தான்.

விண்டோஸில் எடுக்க கமாண்ட் பிராம்ப்டில் இது போதும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்:

```
certutil -hashfile kottation.pdf SHA256
```

பவர்ஷெல் பழக்கமென்றால் `Get-FileHash kottation.pdf`, மேக்கில் `shasum -a 256 kottation.pdf`. பவர்ஷெல் பெரிய எழுத்தில் காட்டும், certutil சின்ன எழுத்தில் காட்டும், அந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம், இரண்டும் ஒரே எண்தான். ஒப்பிடும்போது மட்டும் முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் பார்த்துவிட்டுச் சரி என்று விட்டுவிடாதீர்கள். எட்டு எழுத்து என்றால் சுமார் 430 கோடி வாய்ப்புகள். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் திருத்திய பிடிஎஃபில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டு அந்த எட்டு எழுத்து மட்டும் பொருந்தும்படி செய்வது இன்றைய சாதாரண கம்ப்யூட்டருக்குச் சில மணி நேர வேலை. 64 எழுத்தும் பொருந்த வேண்டும் என்றால் யாராலும் முடியாது. நோட்பேடில் இரண்டு எண்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டிப் பாருங்கள்.

எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். பலர் வேர்ட் கோப்புக்கு எடுத்துவிட்டு பிடிஎஃபை அனுப்புகிறார்கள், அது பிரயோஜனம் இல்லை. பிடிஎஃப் ஆக மாற்றி முடித்து, தொகை எல்லாம் சரிபார்த்து, திறந்திருந்தால் மூடிவிட்டு, அப்புறம் எடுங்கள். அனுப்பியபின் செண்ட் ஃபோல்டரில் இருந்து அந்த இணைப்பைத் திரும்ப டவுன்லோடு செய்து அதற்கும் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், அவருக்குப் போனதும் நீங்கள் ஹாஷ் எடுத்ததும் ஒரே கோப்பு. ஈமெயில் இணைப்பு பைட் மாறாமல் போகும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட் ஆக அனுப்பினாலும் மாறாது. பக்கத்தை போட்டோ பிடித்து கேலரியிலிருந்து அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், ஹாஷ் கட்டாயம் மாறும்.

சரி, இப்போது ஒரு நிஜ விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு இன்டீரியர் கான்ட்ராக்டருக்கு இப்படியே நடந்தது. 18,40,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்தார், ஹாஷையும் அதே ஈமெயிலில் எழுதியிருந்தார் (நான்தான் அந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தேன்). நாலு மாதம் கழித்து வேலை முடியும் தறுவாயில் வாடிக்கையாளர் காட்டிய பிடிஎஃபில் 14,80,000 என்று இருந்தது. ஹாஷ் எடுத்தால் பொருந்தவில்லை. இவருக்கு ஒரே சந்தோஷம், "பார்த்தீர்களா, மாற்றிவிட்டார்" என்று. ஆனால் எதிர்த்தரப்பு சொன்னதிலும் நியாயம் இருந்தது: "நான் போனில் திறந்து ஓரத்தில் ஓகே என்று எழுதி சேவ் செய்தேன், அதனால்தான் உங்கள் எண் மாறியிருக்கும், தொகையை நான் தொடவே இல்லை." ஹாஷை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. போனில் கையெழுத்துப் போட்டு சேவ் செய்தாலே எண் மாறும் என்பது உண்மைதானே.

அப்போதுதான் பைட் அளவைப் பார்த்தோம். அனுப்பிய கோப்பு 1,84,326 பைட். அவர் காட்டியது 1,91,870 பைட். பிடிஎஃபில் ஒரு வசதி உண்டு. ஏற்கெனவே இருக்கும் கோப்பைத் தொடாமல், மாற்றங்களை மட்டும் அதன் வாலில் ஒட்டி சேவ் செய்யலாம். குறிப்பு எழுதும் ஆப்கள் பலவும் அப்படித்தான் செய்கின்றன. பழைய உள்ளடக்கம் `%%EOF` என்ற குறியோடு முடியும், அதற்குக் கீழே புதிய சேர்க்கை வரும், அது இன்னொரு `%%EOF` குறியில் முடியும். திறந்து பார்ப்பவருக்கு எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாகத்தான் தெரியும். ஆகவே அவர் காட்டிய கோப்பில் முதல் 1,84,326 பைட்டை மட்டும் வெட்டி அதற்கு ஹாஷ் எடுத்தோம்:

```
head -c 184326 avar_kaattiyadhu.pdf | sha256sum
```

64 எழுத்தும் அப்படியே பொருந்தியது. அதாவது நாங்கள் அனுப்பிய கொட்டேஷன் முழுதாக, ஒரு பைட் குறையாமல், அவர் காட்டிய கோப்புக்குள்ளேயே இருந்தது. அந்த வெட்டிய பகுதியைத் தனிக் கோப்பாக சேவ் செய்து திறந்தால் 18,40,000. மிச்சமிருந்த 7,544 பைட் வாலில் என்ன இருந்தது என்று பார்த்தால், ஓகே என்ற எழுத்து ஒன்று, கூடவே தொகை இருந்த இடத்தின் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி, அந்தப் பெட்டிக்கு மேல் புதிய தொகை. ஓகே எழுதியது நிஜம், தொகையைத் தொடவில்லை என்றதுதான் பொய். அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரி போனது, கோர்ட்டுக்குப் போகாமலே முடிந்தது. (விண்டோஸ்காரர்களுக்கு: head, sha256sum இரண்டும் Git Bash என்ற இலவச சாஃப்ட்வேரில் இருக்கின்றன.)

இந்த வழி எப்போதும் கைகொடுக்காது. சில ஆப்கள் முழுக் கோப்பையும் புதிதாக எழுதிவிடும், "பிரின்ட் டு பிடிஎஃப்" கொடுத்தாலும் அப்படித்தான், அப்போது பழைய பைட் எதுவும் மிஞ்சாது. அதனால் ஹாஷோடு பைட் அளவையும் எழுதி வையுங்கள், நீங்கள் அனுப்பிய மூலக் கோப்பை யாரும் தொடாத இடத்தில் பத்திரமாக வையுங்கள். மூலக் கோப்பு தொலைந்துவிட்டால் 64 எழுத்தை வைத்துக்கொண்டு அதைத் திரும்ப உருவாக்க முடியாது. நிறையப் பேர் ஹாஷை எழுதி வைத்துவிட்டு கோப்பையே திறந்து அதன் மேலேயே அடுத்த வாடிக்கையாளருக்குத் திருத்தி சேவ் செய்துவிடுகிறார்கள். அந்த ஹாஷ் அதோடு செத்தது.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். வாடிக்கையாளர் உங்களைப் பார்த்து இப்படிக் கேட்கலாம்: "நீங்கள் நேற்று ராத்திரி 18,40,000 என்று ஒரு பிடிஎஃப் தயாரித்து, அதற்கு ஹாஷ் எடுத்து, நாலு மாதம் முன்னால் எடுத்தது என்று சொல்கிறீர்கள்." உங்கள் டைரியிலோ எக்ஸெலிலோ மட்டும் அந்த எண் இருந்தால் இதற்கு உங்களிடம் பதில் கிடையாது. கோப்பும் எண்ணும் ஒரே ஆளிடம் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றலாம். கொட்டேஷனுக்குள்ளேயே ஹாஷை அச்சிட்டுவிடலாமே என்று கேட்பார்கள். முடியாது. எழுதிய கணமே கோப்பு மாறிவிடும், எழுதிய எண் பொய்யாகிவிடும்.

நான் சொல்லும் வழி காகிதத்தில்தான் இருக்கிறது. நீங்கள் அட்வான்ஸ் வாங்குவீர்கள், ரசீது கொடுப்பீர்கள். அந்த ரசீதிலோ வேலை ஒப்புதல் தாளிலோ "இன்ன தேதியில் ஈமெயிலில் பெற்ற கொட்டேஷன், இத்தனை பக்கம், மொத்தத் தொகை இவ்வளவு, கோப்பின் அளவு இத்தனை பைட், SHA-256 எண் இது" என்று அச்சிட்டு வாடிக்கையாளரின் கையெழுத்தை வாங்குங்கள். ஒரு பிரதி அவருக்கு. 64 எழுத்தை நாலு நாலாகப் பிரித்து அச்சிட்டால் பிற்பாடு படிக்க எளிது. இப்போது எண் அவருடைய கையெழுத்துக்குக் கீழே இருக்கிறது, நீங்கள் நினைத்தாலும் மாற்ற முடியாது. தொகையையும் அதே தாளில் எழுதுவதால் ஹாஷே வேண்டாமே என்று தோன்றும். ஆனால் தகராறு பெரும்பாலும் மொத்தத் தொகையில் வருவதில்லை, ஏழாம் பக்கத்தில் பிளைவுட் எந்த தடிமன், எந்த கிரேடு என்று எழுதியிருந்த வரியில்தான் வரும். ஹாஷ் அந்த வரியையும் சேர்த்துப் பூட்டுகிறது.

காகிதம் முடியாத இடத்தில் ஈமெயில் இருக்கிறது. அனுப்பும் ஈமெயிலிலேயே ஹாஷை எழுதுங்கள், கூடவே வேறொரு நிறுவனத்தின் சேவையில் இருக்கும் உங்கள் இன்னொரு முகவரிக்கும் ஒரு காப்பி போகட்டும். இது ஏன் என்றால், இன்றைக்கு ஜிமெயில் மாதிரியான சேவைகள் வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்துக்கும் டிகேஐஎம் என்ற சர்வர் கையெழுத்தைப் போடுகின்றன. வந்த கடிதத்தில் "Show original" கொடுத்துப் பார்த்தால் தலைப்பில் `DKIM-Signature` என்று ஒரு பகுதி தெரியும், அதில் `bh=` என்று ஒன்று இருக்கும். அது கடிதத்தின் உடல் முழுவதற்குமான ஹாஷ், இணைப்பும் அதில் அடங்கும். அதாவது நீங்கள் கேட்காமலே உங்கள் பிடிஎஃபுக்கும் சேர்த்து ஒரு ஹாஷ் எடுத்து, அனுப்பும் சர்வர் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. உங்கள் செண்ட் ஃபோல்டரில் இருக்கும் காப்பியில் இது பொதுவாக இருக்காது, பெறுபவரிடம் போய்ச் சேர்ந்த காப்பியில்தான் இருக்கும். அதற்குத்தான் இன்னொரு முகவரி. அங்கே வந்த கடிதத்தை .eml கோப்பாக டவுன்லோடு செய்து வையுங்கள். இதற்கும் ஒரு எல்லை உண்டு: சர்வரின் சாவியை அவ்வப்போது மாற்றுவார்கள், பழைய சாவி போய்விட்டால் பின்னாளில் அந்தக் கையெழுத்தைச் சரிபார்ப்பது கடினம். வந்து சேர்ந்த அன்று பெறும் சர்வர் `dkim=pass` என்று குறித்து வைத்ததுதான் மிஞ்சும்.

இதைவிடக் கெட்டியாக வேண்டுமென்றால் டைம்ஸ்டாம்ப் சேவை இருக்கிறது. கோப்பை அனுப்ப வேண்டாம், ஹாஷை மட்டும் அனுப்பினால் போதும், அவர்கள் அதோடு நேரத்தைச் சேர்த்துத் தங்கள் கையெழுத்தைப் போட்டுத் திருப்பித் தருவார்கள். இதன் ஆரம்பம் சுவாரஸ்யமானது. ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1991இல் இதற்கு வழி சொன்னார்கள். அவர்கள் தொடங்கிய நிறுவனம் 1995 முதல், வாடிக்கையாளர்களின் ஹாஷ்களை எல்லாம் சேர்த்து வந்த ஒற்றை எண்ணை நியூயார்க் டைம்ஸின் வரி விளம்பரப் பகுதியில் வாரம்தோறும் அச்சிட்டது. லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்விட்ட செய்தித்தாளை யாரால் திரும்ப வாங்கித் திருத்த முடியும்? நீங்கள் ரசீதில் அச்சிட்டு அவர் கையில் கொடுப்பதும் அதே யோசனைதான், அளவு சின்னது.

MD5, SHA-1 போதாதா என்று கேட்பீர்கள், பழைய சாஃப்ட்வேர்கள் இன்னும் அவற்றைத்தான் காட்டுகின்றன. 2004இலேயே MD5க்கு ஒரே ஹாஷ் வரும் இரண்டு வெவ்வேறு உள்ளீடுகளைச் செய்து காட்டிவிட்டார்கள். 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் கூகுளும் சேர்ந்து, பார்க்க வேறு வேறாக இருக்கும் இரண்டு பிடிஎஃப்களை ஒரே SHA-1 எண்ணோடு வெளியிட்டன. இதில் ஒரு நுணுக்கம் உண்டு, பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய கொட்டேஷனை எடுத்து, அதே ஹாஷ் வரும்படி வேறொன்றை வாடிக்கையாளர் தயாரிப்பது MD5இலும் இன்றுவரை நடைமுறையில் முடியாது. முடிவது என்னவென்றால், இரண்டு கோப்புகளையும் ஒரே ஆள் முதலிலிருந்தே இரட்டையாகத் தயாரிப்பது. அப்படியானால் சந்தேகம் யார் மேல் வரும்? கொட்டேஷன் தயாரித்த உங்கள் மேல்தான். "இவர் அன்றைக்கே இரண்டு செய்து வைத்திருக்கலாம்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். SHA-256இல் அப்படி ஒரு இரட்டையை இதுவரை யாரும் காட்டியதில்லை, அதனால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

கோர்ட் பற்றிக் கேட்டீர்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷிய அதினியம் 2023 நடைமுறையில் இருக்கிறது. கம்ப்யூட்டர் கோப்புகளைச் சாட்சியமாகத் தாக்கல் செய்யும்போது கொடுக்கும், முன்பு 65பி சான்றிதழ் என்று சொல்லிக்கொண்டிருந்தது இப்போது பிரிவு 63இன் கீழ் வருகிறது. சட்டத்தின் அட்டவணையிலேயே படிவம் கொடுத்திருக்கிறார்கள், அதில் பகுதி ஏ தாக்கல் செய்பவருக்கு, பகுதி பி நிபுணருக்கு. இரண்டு பகுதியிலும் ஹாஷ் எண்ணை எழுதி, எந்தக் கணக்கு என்று குறிக்க வேண்டும். SHA1, SHA256, MD5, மற்றவை என்று கட்டங்கள் இருக்கின்றன. ஹாஷ் ரிப்போர்ட்டையும் இணைக்க வேண்டும். நீங்கள் SHA256 கட்டத்தையே குறியுங்கள். ஆனால் இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: அந்தச் சான்றிதழில் வரும் ஹாஷ், தாக்கல் செய்யும்போது எடுப்பது. கோர்ட்டுக்கு வந்தபின் கோப்பு மாறவில்லை என்பதற்கு அது உதவும். அனுப்பிய நாளிலிருந்து வழக்குப் போட்ட நாள்வரை மாறவில்லை என்பதை அது தானாகச் சொல்லாது. அந்த இடைவெளியை அடைப்பது அன்றைக்குக் கையெழுத்து வாங்கிய ரசீதில் இருக்கும் எண்தான். ரசீதில் உள்ள 64 எழுத்தும் சான்றிதழில் உள்ள 64 எழுத்தும் ஒன்றாக இருந்தால் சங்கிலி முழுசாகிறது. படிவத்தை எப்படி நிரப்புவது, நிபுணர் யார் என்பதையெல்லாம் உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள், மூலக் கோப்பையும் ரசீதையும் .eml கோப்பையும் அவரிடம் சேர்த்துக் கொடுங்கள்.

டிஜிட்டல் கையெழுத்து வாங்கிவிட்டால் இவ்வளவு பாடு வேண்டாமே என்றால், ஆமாம், ஜிஎஸ்டிக்காகவோ டெண்டருக்காகவோ உங்களிடம் டிஎஸ்சி டோக்கன் ஏற்கெனவே இருந்தால் அதையே பிடிஎஃபில் போடுங்கள். அதற்குள்ளும் ஹாஷ்தான் இருக்கிறது, ஆனால் அந்த ஹாஷில் உங்கள் சாவியால் கையெழுத்து விழுகிறது, ஆகவே யார் கொடுத்தது என்பதும் சேர்ந்து நிரூபணமாகிறது. வெறும் ஹாஷில் அது கிடையாது. கையெழுத்துப் போட்ட பிறகு வரும் கோப்புக்குத்தான் ஹாஷ் எடுத்து ரசீதில் எழுத வேண்டும், போடுவதற்கு முன் எடுத்தால் பொருந்தாது.

ஏற்கெனவே ஹாஷ் இல்லாமல் அனுப்பிய கொட்டேஷன்களில் வேலை இன்னும் நடந்துகொண்டிருப்பவற்றுக்கு, செண்ட் ஃபோல்டரிலிருந்து அந்த பிடிஎஃபை டவுன்லோடு செய்து இன்றைக்கே ஹாஷும் பைட் அளவும் எடுங்கள். அடுத்த தவணைப் பணம் வாங்கும்போது கொடுக்கும் ரசீதில் அதை அச்சிட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பணம் கொடுக்கும் நேரத்தில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதற்கு முந்தைய நாட்களுக்கு அது சாட்சி ஆகாது, ஆனால் "நான் பெற்ற கொட்டேஷன் இதுதான்" என்று அவரே கையெழுத்துப் போட்டபின் அந்தப் பழைய நாட்களைப் பற்றி அவர் கேள்வி எழுப்புவது கஷ்டம்.